ராஜினாமா கடிதத்தில் நான் எழுதிய ஒரு பத்தி

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வந்து மூன்றரை வருடம் வேலை பார்த்தேன். சைபர் செக்யூரிட்டி சேவை தரும் ஒரு நிறுவனத்தின் சாக்கில், அதாவது கிளையன்ட்டுகளின் கம்ப்யூட்டர்களில் இருந்து வரும் லாக்குகளை இருபத்து நாலு மணி நேரமும் கண்காணிக்கிற அறையில், இரண்டாம் நிலை அனலிஸ்ட். 2024 ஜூலையில் ராஜினாமா கொடுத்து, செப்டம்பரில் அங்கிருந்து விலகி சென்னையில் ஒரு க்ளவுட் செக்யூரிட்டி டீமில் சேர்ந்தேன். ராஜினாமா கடிதம் கொடுத்த நாளிலிருந்து ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த நாள் வரை நான் பட்டது எல்லாம், அந்தக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரியாததால் வந்தது. பணமாக 24,200 ரூபாய் போனது. தூக்கம் போன இரவுகளுக்குக் கணக்கு இல்லை. நம் ஊர்ப் பக்கம் இந்த வேலையில் இருக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் விலகினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் விதை போட்டது. ஒரு நைட் ஷிப்டில், மூன்று மணி இருக்கும், ஒரு கிளையன்ட்டின் ஏ.டபிள்யூ.எஸ்., அதாவது அமேசான் க்ளவுட் கணக்கில் புதிதாக ஒரு யூசர் உருவாகி அதற்கு அக்சஸ் கீ கொடுக்கப்பட்டிருப்பதாக அவர்கள் ஆளே போன் செய்து சொன்னார். எங்கள் ஸ்க்ரீனில் ஒன்றுமே இல்லை. தேடினேன், `CreateUser`, `CreateAccessKey` எதுவும் வரவில்லை. கடைசியில் அவரிடம் அனுமதி வாங்கி, அந்தக் கணக்கில் யார் என்ன செய்தார் என்று பதிகிற க்ளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரியை நேரடியாகத் திறந்து, ரீஜியனை `us-east-1` என்று மாற்றினதும் எல்லாம் அப்படியே வரிசையாக இருந்தது. யூசர்களையும் அவர்கள் அனுமதிகளையும் மாற்றுகிற ஐ.ஏ.எம். நிகழ்வுகள் அந்த ரீஜியனில்தான் பதிவாகும். எங்களுக்கு லாக் அனுப்பிய ட்ரெயிலோ மும்பைக்கு, அதாவது `ap-south-1`க்கு மட்டும் போடப்பட்டது. யார் புது யூசரை உருவாக்கினாலும் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அன்று அது ஒரு கான்ட்ராக்டரின் ஸ்கிரிப்ட் என்று தெரிந்தது, இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அந்த இரவோடு மனசு க்ளவுட் பக்கம் திரும்பிவிட்டது. அலர்ட் வந்த பிறகு ஓடுவதை விட, இந்த மாதிரி ஓட்டையை முன்கூட்டியே அடைக்கிற வேலைதான் என் வேலை என்று தோன்றியது. எல்லா ரீஜியனுக்கும் சேர்த்து ட்ரெயில் போடச் சொல்லி மூன்று முறை டிக்கெட் எழுதினேன். மூன்றும் "கிளையன்ட் முடிவுக்காகக் காத்திருக்கிறது" என்ற நிலையிலேயே கிடந்தன.

ஒன்பது மாதம் இரவில் படித்து, சென்னையில் இன்டர்வியூ முடித்து, ஆஃபர் வாங்கினேன். செப்டம்பர் 4 சேருகிறேன் என்று புது இடத்துக்குச் சொல்லிவிட்டேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஜூலை 5 கடிதம் கொடுத்தால் செப்டம்பர் 3 முடிகிறது, மறுநாள் சேரலாம் என்பது என் கணக்கு. இடைவெளி ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 5 வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்கு, ஷிப்ட் முடிந்து பேருந்து ஏறும் முன், மேனேஜருக்கு மெயிலில் கடிதத்தை அனுப்பினேன். அவருக்கு மட்டும். அவர் அன்று மதியமே லீவில் ஊருக்குப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. பதில் வரவில்லையே என்று திங்களன்று போன் செய்தபோது, "பார்த்தேன்மா, வந்து பேசிக்கலாம், நீ போர்ட்டல்ல மட்டும் போட்டுடு" என்றார். போர்ட்டலில் போட்டேன். அவர் திரும்பி வந்து ஒப்புதல் கொடுத்தது ஜூலை 16 செவ்வாய்க்கிழமை. எச்.ஆர். அந்தத் தேதியிலிருந்து 60 நாளை எண்ணினார்கள். செப்டம்பர் 14 வரை இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. பதினொரு நாள் குறைகிறது. என் மாத கிராஸ் 66,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,200. பதினொரு நாளுக்கு 24,200. இவ்வளவுதான் கணக்கு, ஆனால் அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு என்று எடுத்துவைத்த பணம் அது.

அப்போதுதான் என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படித்தேன். மூன்றரை வருடத்தில் முதல் முறை. "ஒப்புதல் அளிக்கப்பட்ட தேதியிலிருந்து" என்று தெளிவாகவே இருந்தது. சில நிறுவனங்களில் "கடிதம் பெறப்பட்ட தேதியிலிருந்து" என்று இருக்கும். இந்த ஒரு சொல்தான் உங்கள் கடைசி நாளைத் தீர்மானிக்கிறது. பிடித்தம் பேசிக் சம்பளத்திலா கிராஸிலா என்பதும் அங்கேயே இருக்கும். என் பேசிக்கில் கணக்கிட்டிருந்தால் பாதிக்கும் கீழே முடிந்திருக்கும், ஆனால் ஆர்டரில் கிராஸ் என்றே எழுதியிருந்தது. ஆர்டரைப் படித்துவிட்டுத்தான் புது இடத்துக்குச் சேரும் தேதி சொல்ல வேண்டும், அதிலும் கூட இரண்டு வாரம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெயில், போர்ட்டல் இரண்டிலும் ஒரே நாளில், வேலை நாளின் காலையில், மேனேஜர் இடத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். "பெற்றுக்கொண்டோம்" என்று எச்.ஆரிடமிருந்து ஒரு வரி பதில் கேட்டு வாங்க வேண்டும்.

பிடித்தத்தைப் பற்றி இன்னொன்று. முதலில் வந்த கணக்குத் தாளில் 24,200க்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 4,356 ரூபாய் போட்டிருந்தார்கள். நோட்டீஸ் குறைவுக்குப் பிடிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று சுற்றறிக்கை 178/10/2022-GST மூலம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அக்கவுன்ட்ஸில் இருந்த அண்ணனுக்கு அதை அனுப்பினேன். மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

பணத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கடிதத்தில் நான் எழுதியிருந்த ஒரு பத்திதான் பெரிய அடி.

ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். "க்ளவுட் செக்யூரிட்டி டீமில் சேருவதற்காக விலகுகிறேன். இங்கே க்ளவுட் கண்காணிப்புக்கு முக்கியத்துவம் இல்லை. உதாரணமாக, இன்ன கிளையன்ட்டின் ஏ.டபிள்யூ.எஸ். கணக்கில் மும்பை ரீஜியன் லாக் மட்டுமே வருகிறது, ஐ.ஏ.எம். மாற்றங்கள் நமக்குத் தெரிவதில்லை, இதை மூன்று முறை எழுப்பியும் நடவடிக்கை இல்லை." கிளையன்ட்டின் பெயரையும் போட்டிருந்தேன். போகும்போதாவது யாராவது கவனித்துச் சரிசெய்யட்டும் என்றுதான் எழுதினேன். மனசறிந்து வேறு எண்ணம் இல்லை.

ராஜினாமா கடிதம் எங்கெல்லாம் போகும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. மேனேஜர் ஒப்புதல் கொடுத்ததும் போர்ட்டல் தானாகவே டிக்கெட் போடும். ஐ.டி.க்கு ஒன்று, அட்மினுக்கு ஒன்று, அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று, சம்பளக் கணக்கு பார்க்கிற வெளி நிறுவனத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் கடிதம் இணைப்பாகப் போகும். அதாவது ஒரு கிளையன்ட்டின் பாதுகாப்பில் எங்கே கண் தெரியாது என்ற செய்தியை, அந்தக் கிளையன்ட்டின் பெயரோடு, வெளி ஆள் உட்பட எத்தனையோ பேர் படிக்கும்படி நானே அனுப்பிவிட்டேன். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு செக்யூரிட்டி அனலிஸ்ட் செய்யக் கூடாதது அது. இப்போது யோசித்தாலும் அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்ததாகத்தான் படுகிறது.

ஜூலை 16, மாலை 4.40. டீ வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு ஸ்க்ரீனைத் திறந்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தேன். கணக்கு முடக்கப்பட்டது என்றது. பக்கத்து சீட் தங்கச்சி, "அக்கா, உங்க பேர் டூட்டி சார்ட்ல இருந்து போயிடுச்சே" என்றாள். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் அறைக் கதவு என் கார்டுக்குத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் டீ டம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காவலர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் நாற்காலி எடுத்துப் போட்டார்.

மற்ற வேலைகளில் கடிதம் கொடுத்த பிறகும் கடைசி நாள் வரை எல்லா அனுமதியும் இருக்கும். நம் வேலையில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. எல்லாக் கிளையன்ட்டின் லாக்கையும் பார்க்க முடிகிற ஆள் போகிறார் என்றால், ஒரு மணி நேரத்தில் வாசலை மூட நிறுவனத்துக்கு உரிமையும் உண்டு, காரணமும் உண்டு. அதனால் ஒப்படைக்க வேண்டியது எதுவானாலும் கடிதத்துக்கு முன்பே ஒழுங்காகி இருக்க வேண்டும். என்னுடையது ஒழுங்காக இல்லை, அதன் விளைவு மூன்றாம் நாள் தெரிந்தது.

எங்கள் சாக்கில் லாக் தேட ஸ்ப்ளங்க். அதில் குறிப்பிட்ட நேரத்துக்குத் தானாக ஓடும் தேடல்களை எழுதி வைப்போம். ஒரே யூசர் இரண்டு ஊரிலிருந்து லாகின் செய்தால் அலர்ட், வெள்ளிக்கிழமைதோறும் கிளையன்ட்டுக்குப் போகும் ரிப்போர்ட், இப்படி. அவற்றில் ஒன்பதை நான் எழுதி, என் பெயரிலேயே சேமித்திருந்தேன். தேடலுக்குச் சொந்தக்காரராக ஒரு யூசர் இருக்க வேண்டும், அந்த யூசரின் அனுமதியில்தான் அது ஓடும். ஊழியர்களின் லாகின் கணக்குகள் இருக்கிற ஆக்டிவ் டைரக்டரியில் என் கணக்கை முடக்கி, ஸ்ப்ளங்க்குக்கான குழுவிலிருந்தும் எடுத்ததும், அந்த ஒன்பதும் அனாதையாகிவிட்டன. ஆங்கிலத்திலும் அதை அனாதைத் தேடல் என்றுதான் சொல்வார்கள். அழியாது, திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும், ஆனால் நேரம் வந்தால் ஓடாது. அலர்ட் வராத அமைதியைப் பார்த்து, நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை என்று ஷிப்டில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். ஜூலை 19 வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வராமல் கிளையன்ட் கேட்ட பிறகே தெரிய வந்தது.

திங்களன்று என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். மேனேஜர், எச்.ஆர்., செக்யூரிட்டி தணிக்கை பார்க்கிறவர். "போகும்போது கோபத்தில் நிறுத்திவிட்டுப் போனீர்களா?" என்று கேட்டார் தணிக்கைக்காரர். கடிதத்தில் குறை எழுதியிருக்கிறாள், மூன்று நாளில் அலர்ட்டுகள் நின்றிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கதையாகத்தான் தெரியும். நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் இரவெல்லாம் கண் விழித்துக் காத்த இடத்தை நானே கெடுத்தேனா என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை.

பிறகு ஒன்று மட்டும் கேட்டேன். "சார், அட்மினை இந்தத் தேடலை ஓட்டச் சொல்லுங்க, இப்பவே." ஸ்ப்ளங்க்கின் சொந்த லாக்குகள் இருக்கும் `_internal` இன்டெக்ஸ் வழக்கமாக 30 நாளைக்கு மேல் தங்காது. தள்ளிப்போட்டால் என் சாட்சி அழிந்துவிடும்.

```
index=_internal sourcetype=scheduler user="என்_ஐடி"
| stats latest(_time) as last_run by savedsearch_name
| convert ctime(last_run)
```

ஒன்பது தேடலும் கடைசியாக ஓடிய நேரம் வரிசையாக வந்தது. அடிக்கடி ஓடுகிறவை எல்லாம் 16ஆம் தேதி 4.40க்குச் சற்று முன்பு வரை ஓடியிருந்தன, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஐ.டி. என் கணக்கை மூடிய நேரம் அவர்கள் டிக்கெட்டிலேயே இருந்தது. தேடல்களை நான் தொட்டதற்கான பதிவும் எங்கும் இல்லை. தணிக்கைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிம்மா, போய் தண்ணி குடிங்க" என்றார். அட்மின் `Reassign Knowledge Objects` பக்கத்தில் போய் ஒன்பதையும் வேறு பெயருக்கு மாற்ற எடுத்துக்கொண்டது பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிட வேலையைக் கடிதத்துக்கு முன்பே நான் செய்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க இது போதும்:

```
| rest /servicesNS/-/-/saved/searches splunk_server=local
| search eai:acl.owner="உங்கள்_ஐடி" is_scheduled=1 disabled=0
| table title eai:acl.app cron_schedule
```

ஆனால் ஒரு எச்சரிக்கை. கடிதத்துக்கு முந்தைய நாள் இரவு தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். அதுவும் லாக்கில் பதிவாகும், பிறகு பார்க்கிறவருக்கு அது வேறு மாதிரித் தெரியும். ஒரு மாதம் முன்பே, டீம் லீடுக்குச் சொல்லி, சேஞ்ச் டிக்கெட் போட்டு, டீமுக்குப் பொதுவான சர்வீஸ் கணக்குக்கு மாற்றுங்கள். ராஜினாமாவைப் பற்றி வாய் திறக்கத் தேவையில்லை, ஒருவர் பெயரில் தேடல் ஓடுவதே தவறான வழக்கம் என்பது போதுமான காரணம். ஸ்கிரிப்ட்டுகளில் உங்கள் பெயரில் வாங்கிய ஏ.பி.ஐ. கீ இருந்தால் அதற்கும் இதுவே.

வீட்டு மெயிலுக்கு எதையும் அனுப்பாதீர்கள். நான் எழுதிய ப்ளேபுக்தானே, நான் எழுதிய ரூல்தானே என்று தோன்றும். விலகுகிறவர்களின் பட்டியல் எச்.ஆரிடமிருந்து சாக்குக்கு வரும், அவர்கள் அனுப்பும் இணைப்புகளைக் கூடுதலாகக் கவனிப்போம். அந்த அலர்ட்டுகளை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் நான் சுத்தமாக இருந்ததுதான் அந்த அறையில் என்னைக் காப்பாற்றியது. சம்பளச் சீட்டும் படிவம் 16ம் மட்டும், சம்பள போர்ட்டலில் இருந்து என் சொந்த போனில் இறக்கி வைத்திருந்தேன்.

கடிதத்துக்காக என்மேல் போட்ட விசாரணை ஆகஸ்ட் 2 முடிந்தது. எழுத்தில் விளக்கமும் வருத்தமும் கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். செப்டம்பர் 3 வரை தினமும் பேருந்தேறிப் போய் ட்ரெயினிங் அறையில் கம்ப்யூட்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை செய்யத் தயார், நீங்கள்தான் அனுமதி தரவில்லை, அந்தப் பதினொரு நாளை விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. தென்பெண்ணைப் பாலம் வரும்போதெல்லாம், புது இடத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் என்ன சொல்வார்களோ என்ற பயம் வந்து வயிற்றைப் பிசையும். அதை நானே அந்த எச்.ஆரிடம் முன்கூட்டி, நடந்தது நடந்தபடி சொல்லிவிட்டேன். "எழுத்தில் கொடுங்கள்" என்றார்கள், கொடுத்தேன், அதோடு சரி. ரிலீவிங் லெட்டர் அக்டோபரில்தான் வந்தது.

போன மாதம் பழைய டீமில் இருந்து ஒரு தம்பி போன் செய்தான். அவனும் க்ளவுட் பக்கம் வருகிறான். "அக்கா, லெட்டர்ல என்ன எழுதறது?" நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். "இன்ன பதவியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். இக்கடிதம் இன்ன தேதியில் அளிக்கப்படுகிறது. 60 நாள் நோட்டீஸ்படி என் கடைசி வேலை நாள் இன்ன தேதி, இதை உறுதிப்படுத்த வேண்டுகிறேன். க்ளவுட் பாதுகாப்புத் துறையில் பணியைத் தொடர விரும்புவதே காரணம். ஒப்படைப்பு விவரங்கள் இன்ன எண் டிக்கெட்டில் உள்ளன. இங்கே கற்றுக்கொண்டதற்கு நன்றி." புது நிறுவனத்தின் பெயர் இல்லை, கிளையன்ட்டின் பெயர் இல்லை, டூலின் பெயர்கூட இல்லை.

"இவ்ளோதானாக்கா? அந்த மும்பை ரீஜியன் விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கு, அதை எங்க எழுதறது?" என்று கேட்டான்.

ரிஸ்க் ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னேன். அந்தக் கிளையன்ட்டுக்குப் பொறுப்பான ஆட்கள் மட்டும் பார்க்க முடிகிற இடம் அது, அங்கே பதிந்தால் யாராவது ஒருவர் தன் பெயரைப் போட்டு மூடியாக வேண்டும். நான் மூன்று முறையும் சாதாரண டிக்கெட்டாகப் போட்டதால்தான் அது கிடப்பில் கிடந்தது. அவன் அன்றைக்கே பதிந்தான். இரண்டு வாரத்தில் எல்லா ரீஜியனுக்கும் ட்ரெயில் போட்டுவிட்டார்கள் என்று செய்தி அனுப்பினான். அவனுடைய ஆறு தேடல்களும் சர்வீஸ் கணக்குக்கு மாறியாயிற்று. கடிதத்தைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மேனேஜர் இருக்கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கிறான்.